நாள் கணக்கைப் பார்க்காதீர்கள், நாற்காலியைப் பாருங்கள்: குறைதீர் நடைமுறையின் கதை

புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரிப் பக்கத்துக் காலனிகளிலிருந்து நூற்பாலை வேலைக்குப் போகும் பெண்களைக் கேட்டால், ஆலைக்குள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருப்பதாகச் சொல்வார்கள். 'குறைதீர்க்கும் நடைமுறை' என்று தலைப்பிட்டிருக்கும். முதலில் யாரிடம் சொல்ல வேண்டும், அவர் எத்தனை நாளில் பதில் தர வேண்டும், திருப்தி இல்லையென்றால் அடுத்து யார், அதற்கும் மேலே யார் என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். நம் மாணவர்கள் இதைப் படிக்கும்போது நாள் கணக்கைத்தான் பார்க்கிறார்கள். 'முப்பது நாளில் முடிக்கணுமாம்க்கா, நல்லாத்தானே இருக்கு' என்று ஒரு தங்கை என்னிடம் சொன்னாள். நாள் கணக்கு முக்கியம்தான். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யார், அடுத்த படிக்கு ஏற யாருடைய தோள் தேவைப்படுகிறது என்ற கேள்விகளை வைத்துக்கொண்டு படித்தால் அந்தத் தாள் வேறு மாதிரித் தெரியும். அந்தக் கண்ணோடு அதன் வரலாற்றைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

1928-இல் பம்பாய்ப் பஞ்சாலைகளில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அந்த ஆலைகளில் நூற்புப் பிரிவில் தீண்டப்படாத சாதியினர் ஏராளமாக வேலை செய்தார்கள். கூலி அதிகமான நெசவுப் பிரிவில் மட்டும் அவர்களுக்கு இடமில்லை. காரணம் எச்சில். நாடாவில் நூல் தீர்ந்ததும் புதுக் கண்டை வைத்து, நூல் முனையை நாடாவின் துளை வழியாக வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தீண்டப்படாதவர் வாய் வைத்த நாடாவில் தாங்கள் வாய் வைக்க மாட்டோம் என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். எல்லாப் பிரிவிலும் எங்கள் மக்கள் வேலை செய்யும் உரிமையைக் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள் என்று வேலைநிறுத்தத் தலைவர்களிடம் அண்ணல் அம்பேத்கர் வற்புறுத்தினார். மனமில்லாமல்தான் சேர்த்தார்கள். பட்டியல் முதலாளிகளிடம் போனபோது, இது அநியாயம் என்றால் அதற்குப் பொறுப்பு நாங்கள் இல்லை என்று அவர்கள் கையை விரித்தார்கள்.

இதை ஒரு 'குறை'யாக நினைத்துப் பாருங்கள். இதை யாரிடம் எழுதிக் கொடுப்பது? முதலாளி கை விரிக்கிறார். உங்களுக்காகப் பேச வேண்டிய சங்கத்தின் அடிமட்டமே குறைக்குக் காரணமாக இருக்கிறது. நிர்வாகத் தரப்பில் நான்கு பேர், தொழிலாளர் தரப்பில் நான்கு பேர் என்று ஒரு குழு அன்றைக்கு இருந்திருந்தாலும், எட்டுப் பேரில் ஒருவர்கூட நம் பக்கம் நின்றிருப்பாரா என்பது சந்தேகம்தான். தொழிலாளர் நல வரலாறு எழுதுகிற பலர் இந்த இடத்தை வேகமாகக் கடந்து போய்விடுகிறார்கள்.

பத்து வருடம் கழித்து, 1938-இல், பம்பாய் மாகாணத்தில் காங்கிரஸ் அமைச்சரவை தொழில் தகராறு மசோதாவைக் கொண்டு வந்தது. தகராறு வந்தால் முதலில் அறிவிப்புக் கொடு, பிறகு சமரசத்துக்குப் போ, அந்தப் படிகளெல்லாம் முடியும்வரை வேலைநிறுத்தம் செய்யாதே, செய்தால் குற்றம் என்பது அதன் சாரம். வெளியிலிருந்து பார்க்க இதுவும் ஒழுங்கான குறைதீர் நடைமுறைதான். அம்பேத்கர் சட்டமன்றத்தில் அதைக் கடுமையாக எதிர்த்தார். இதற்குத் தொழிலாளரின் குடியுரிமையை நிறுத்திவைக்கும் சட்டம் என்றே பெயர் வைக்கலாம் என்றார். அந்த ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார்கள். படிக்கட்டு வைப்பதை அவர் எதிர்க்கவில்லை. படிக்கட்டைக் காட்டி வாசலைப் பூட்டுவதைத்தான் எதிர்த்தார்.

அவர் எதிர்த்தது படிக்கட்டை அல்ல என்பதற்குச் சான்று அவருடைய அடுத்த பதவியிலேயே இருக்கிறது. 1942 ஜூலையிலிருந்து 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். அந்தக் காலத்தில்தான், 1946 ஏப்ரலில், தொழில் வேலைவாய்ப்பு நிலையாணைகள் சட்டம் வந்தது. நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் ஒவ்வொன்றும் வேலை நேரம், விடுப்பு, தண்டனை எல்லாவற்றையும் எழுதி வைத்து, அரசு அதிகாரியிடம் சான்று வாங்கி, ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் வாசல் பக்கத்தில் தனிப் பலகையில் ஒட்ட வேண்டும் என்றது. அதுவரை மேஸ்திரியின் வாய்ச்சொல்லாக இருந்தது முதல் முறையாகத் தாளுக்கு வந்தது.

எதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் அட்டவணை பட்டியல் போடுகிறது. பத்தாவது இனம்தான் நமக்கு வேண்டியது: முதலாளியோ அவருடைய ஆட்களோ நியாயமில்லாமல் நடத்தினால், அல்லது தவறாகப் பணமோ வேலையோ பறித்தால், தொழிலாளி பரிகாரம் தேடும் வழி. 'அவருடைய ஆட்கள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் ஆட்களை வதைத்தது பெரும்பாலும் முதலாளி நேரடியாக அல்ல. வேலைக்குச் சேர்க்கக் கமிஷன் பிடிப்பவர், வீட்டு வேலைக்குக் கூப்பிடுபவர், சம்பள நாளில் கை நீட்டுபவர் எல்லாம் இடையில் இருந்த மேஸ்திரி. அவரையும் சட்டம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

ஆனால் பரிகாரம் எப்படி அமைந்தது? மாதிரி நிலையாணையில் இது ஒரே வாக்கியம். புகாரை மேலாளரிடமோ அதற்கென்று நியமித்தவரிடமோ கொடுக்கலாம். அதில் திருப்தி இல்லையென்றால் முதலாளியிடம் மேல்முறையீடு செய்யலாம். எத்தனை நாளில் பதில் என்று சொல்லவில்லை. இரண்டு படி, இரண்டிலும் ஒரே தரப்பு.

நாள் கணக்கு வந்தது 1958-இல். அந்த ஆண்டு நைனிதாலில் நடந்த இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒழுக்க நெறிக் கோவையை ஏற்றது. அதன் தொடர்ச்சியாக ஒரு மாதிரிக் குறைதீர் நடைமுறையும் வகுக்கப்பட்டது. இன்றைக்கும் பல ஆலைகளில் ஒட்டியிருக்கும் தாளின் தாத்தா அதுதான்.

அதன்படி தொழிலாளி முதலில் நிர்வாகம் நியமித்த அலுவலரிடம் வாய்மொழியாகக் குறையைச் சொல்ல வேண்டும். அவர் 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் துறைத் தலைவர். அவரிடம் தனியாகவும் போகலாம், துறையின் தொழிலாளர் பிரதிநிதியைக் கூட்டிக்கொண்டும் போகலாம். அவருக்கு மூன்று நாள். அடுத்தது இரு தரப்பும் உட்காரும் குறைதீர் குழு. ஏழு நாளில் மேலாளருக்குப் பரிந்துரை செய்ய வேண்டும். குழு ஒருமனதாகச் சொன்னால் நிர்வாகம் செயல்படுத்த வேண்டும். பிளவுபட்டால் மேலாளர் முடிவெடுப்பார், அவருக்கு மூன்று நாள். அதற்கும் மேலே நிர்வாகத்திடம் மறுபரிசீலனை மனு. சங்க நிர்வாகி ஒருவரை உடன் அழைத்துப் போகலாம், ஒரு வாரத்தில் பதில். கடைசியாக, சங்கமும் நிர்வாகமும் ஒத்துக்கொண்டால் ஒரு வாரத்துக்குள் நடுவரிடம் விடலாம். எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு மாதத்துக்குள் ஆலை வாசலைத் தாண்டி ஒரு வெளி ஆள் முன் போய் நிற்கலாம். காகிதத்தில் இது இன்றைய சட்டத்தைவிட வேகமானது. ஆனால் இது சட்டம் அல்ல, தானாக முன்வந்து ஏற்க வேண்டிய நெறி. மீறினால் தண்டனை கிடையாது.

இந்த நடைமுறைக்குள் ஒரு விதி இருந்தது. நிர்வாகம் இட்ட உத்தரவால் குறை எழுந்தால், முதலில் அந்த உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டும், பிறகுதான் புகார். பொதுவாகப் பார்த்தால் உற்பத்தி நின்றுவிடக் கூடாது என்ற நியாயம் புரிகிறது. நம் இடத்தில் வைத்துப் பாருங்கள். ரிங் பிரேமில் சைடர் வேலைக்குச் சேர்ந்த காலனிப் பெண்ணிடம், 'இன்னைக்கு நீ கக்கூஸைக் கழுவிரு' என்கிறார் சூப்பர்வைசர். அதே ஷிப்டில் அதே வேலை பார்க்கும் மற்ற தெருப் பெண்களிடம் அவர் சொல்வதில்லை. கழுவிவிட்டுத்தான் புகார் கொடுக்கலாம் என்றால், புகார் கொடுக்கும்போது அவமானம் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். கழுவ மறுத்தால் 'உத்தரவை மீறினாள்' என்று குற்றச்சாட்டுக் குறிப்பாணை அவள் பெயருக்கு வரும். புகார்தாரர் குற்றவாளியாகும் இடம் இது. ஆலைப் பிரச்சினைகளில் நம்மிடம் வரும் தாள்களில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்: முதலில் வந்தது இவளுடைய புகாரா, ஆலையின் குறிப்பாணையா, இரண்டிலும் தேதி என்ன.

ஆலைக்குள் தீராத குறை வெளியே எப்படிப் போகும்? 1947-இன் தொழிற்தகராறு சட்டம் இருக்கிறதே என்பீர்கள். அங்கேதான் தோள் பற்றிய கேள்வி வருகிறது. ஒரு தனித் தொழிலாளியின் குறை அப்படியே 'தொழிற்தகராறு' ஆகிவிடாது, சங்கமோ கணிசமான சக தொழிலாளர்களோ அதைத் தங்கள் குறையாக ஏற்றுக்கொண்டால்தான் ஆகும் என்பது உச்ச நீதிமன்றம் 1957-இல் நிலைநிறுத்திய கருத்து. வேலைநீக்கத்துக்கு மட்டும் 1965-இல் 2-ஏ பிரிவைச் சேர்த்து விலக்குக் கொடுத்தார்கள். வேலையை விட்டுத் துரத்தினால் தனி ஆளாகவே வழக்காடலாம். வேலையில் வைத்துக்கொண்டே அவமானப்படுத்தினால் மற்றவர்கள் தோள் கொடுக்க வேண்டும். 1928-இன் நெசவுப் பிரிவை இந்த விதியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாருடைய எச்சில் தீட்டு நம் குறைக்குக் காரணமோ, அவர்களிடமே போய்த் தோள் கேட்க வேண்டியிருந்திருக்கும்.

குறைதீர் குழு சட்டமானது 2010-இல்தான். தொழிற்தகராறு சட்டத்தில் 9-சி பிரிவு சேர்ந்தது. இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இரு தரப்பும் சம எண்ணிக்கையில் உள்ள குழு, தலைவர் பதவி வருடத்துக்கு ஒரு தரப்பு என்று மாறி மாறி வரும். குழுவின் முடிவு பிடிக்கவில்லையென்றால் தொழிலாளி மேல்முறையீடு செய்யலாம். யாரிடம்? முதலாளியிடம். 1946-இன் மாதிரி நிலையாணையிலிருந்து அறுபத்து நாலு வருடம் நடந்து வந்து அதே நாற்காலி முன்னால்தான் நின்றோம். ஒரு நல்ல விஷயம், இந்தக் குழு இருப்பதால் தொழிற்தகராறு எழுப்பும் உரிமை போய்விடாது என்று சட்டமே சொல்லியிருந்தது.

இப்போது 2020-இன் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. இனி ஆலையில் ஒட்டப்படும் தாள் இதன்படிதான் இருக்க வேண்டும். அதே கக்கூஸ் பிரச்சினையை இதற்குள் நடத்திப் பார்ப்போம். தேதிகள் கணக்குக்காக நான் போட்டவை.

ஜனவரி 5-ஆம் தேதி சம்பவம். அந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் குழுவிடம் விண்ணப்பம் கொடுக்கலாம். அவள் ஜனவரி 12-இல் எழுத்தில் கொடுக்கிறாள். விண்ணப்பத்தில் 'என்னை மரியாதை இல்லாமல் நடத்துகிறார்கள்' என்று மட்டும் எழுதினால் குழு ஒரு 'அறிவுரை' சொல்லி முடித்துவிடும். எந்தத் தேதி, எந்த ஷிப்ட், உத்தரவிட்டவர் யார், நியமனத்தில் அவள் வேலை என்ன, அதே வேலையில் உள்ள வேறு எத்தனை பேரிடம் இந்த வேலை சொல்லப்படவில்லை என்று எழுத வேண்டும். கடைசி விவரம்தான் வழக்கின் உயிர். வேலை மாற்றம் நிர்வாகத்தின் உரிமை என்று அவர்கள் சொல்வார்கள். ஒரே தெருக்காரர்களுக்கு மட்டும் நடக்கும் மாற்றத்துக்கு அந்தப் பதில் பொருந்தாது. நகலில் தேதியோடு கையெழுத்து வாங்க வேண்டும். தரமாட்டேன் என்றால் விரைவுத் தபாலில் ஒப்புகையோடு அனுப்பிவிடலாம். பெற்றுக்கொண்ட நாளிலிருந்துதான் கெடு ஓடும்.

குழுவுக்கு முப்பது நாள். ஜனவரி 12-இல் கையில் கிடைத்திருந்தால் பிப்ரவரி 11-இல் முடிகிறது. குழுவில் அதிகபட்சம் பத்துப் பேர், இரு தரப்பும் சமம். முடிவு பெரும்பான்மைப்படி. ஆனால் தொழிலாளர் தரப்பு உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் முடிவே எட்டப்படவில்லை என்று பொருள். ஐந்து தொழிலாளர் பிரதிநிதிகளில் மூன்று பேர் உடன்படாவிட்டால், நிர்வாகத்தால் தன் விருப்பத்தைக் குழுவின் முடிவு என்று எழுத முடியாது. பழைய சட்டத்தில் இல்லாத நல்ல பூட்டு இது. அந்த மூன்று பேர் யார் என்பதுதான் சிக்கல்.

பெண்களுக்கு இந்தக் குழுவில் போதிய இடம் வேண்டும், மொத்தத் தொழிலாளரில் பெண்களின் விகிதத்துக்குக் குறையக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. பட்டியல் சாதியினர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நம் பகுதி ஆலைகளில் சூப்பர்வைசரும் பஸ்ஸில் ஆள் ஏற்றும் ஏஜெண்டும் குழுவின் தொழிலாளர் பிரதிநிதியும் ஒரே ஊர், ஒரே தெரு, பல சமயம் ஒரே சொந்தமாக இருப்பது புதுமை இல்லை. சட்டத்தின் கணக்கில் அது ஐந்துக்கு ஐந்து. காலனிப் பெண்ணின் கணக்கில் பத்துக்குப் பூஜ்யம். பெண் உறுப்பினர் இருந்தாலும் அவர் எந்தத் தெருப் பெண் என்பது சட்டத்துக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

முடிவு பிடிக்கவில்லை, அல்லது முப்பது நாளில் முடிவே வரவில்லை. அடுத்த படி சமரச அலுவலர், அதாவது அரசின் தொழிலாளர் துறை. கெடு அறுபது நாள். முடிவு கையில் கிடைத்த நாளிலிருந்து, அல்லது முப்பது நாள் கெடு முடிந்த நாளிலிருந்து. நம் கணக்கில் முடிவு வரவில்லை என்றால் ஏப்ரல் 12 வரை. 'இந்தா முடிவு வரும், அடுத்த வாரம் வரும்' என்று இழுத்தடிப்பது எதற்கென்று இப்போது புரியும். பதில் வராததற்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த அறுபதில் கழிகிறது.

இந்தப் படியில் பழைய தோள் மறுபடி வருகிறது. சமரச அலுவலரிடம் விண்ணப்பம், தொழிலாளி உறுப்பினராக உள்ள தொழிற்சங்கம் வழியாகப் போக வேண்டும் என்கிறது சட்டம். முதலாளியிடம் மேல்முறையீடு என்ற அபத்தத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சங்கத்தை வைத்திருக்கிறார்கள். சங்கம் இருக்கும் இடத்தில் இது முன்னேற்றம். சங்கமே இல்லாத இடத்தில், அல்லது சங்கம் சூப்பர்வைசரின் மச்சான் கையில் இருக்கும் இடத்தில், கதவு இருக்கிறது, சாவி வேறொருவர் இடுப்பில் இருக்கிறது. வேலைநீக்கத்துக்கு மட்டும் இந்தத் தடை இல்லை. சமரச அலுவலரிடம் மனுக் கொடுத்து 45 நாள் ஆகிவிட்டால் நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், நீக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள். 1957-க்கும் 1965-க்கும் இடையில் விழுந்த அதே கோடுதான், அழியவே இல்லை. சமரசம் தோற்றால் அலுவலரின் அறிக்கை கிடைத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கலாம். முன்பு போல அரசு பார்த்து அனுப்பி வைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே பிரச்சினை வந்த பிறகு சங்கம் தேடினால் அறுபது நாள் போதாது. ஏழு பேர் விண்ணப்பித்தால் சங்கம் பதிவு செய்யலாம். ஆனால் அந்த நிறுவனத்தில் அல்லது தொழிலில் பத்து சதவீதம் பேர் அல்லது நூறு பேர், எது குறைவோ அவ்வளவு பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். அந்த எண்ணிக்கை சேரவில்லையென்றால் ஏற்கெனவே பதிவான பொதுத் தொழிலாளர் சங்கம் ஒன்றில் உறுப்பினராகி, சந்தா ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கலாம். ரசீதின் தேதி சம்பவத்துக்கு முந்தியதாக இருந்தால் வீண் வாதம் ஒன்று குறையும்.

இதில் எல்லாவற்றையும் கலக்கக் கூடாத ஓர் இடம் உண்டு. சூப்பர்வைசர் கக்கூஸ் கழுவச் சொன்னதோடு நிற்காமல், மற்றவர்கள் முன்னால் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார் என்றால் அது 'குறை' அல்ல, குற்றம். அதற்குக் குழுவின் முப்பது நாளும் கிடையாது, சங்கத்தின் தோளும் தேவையில்லை. நேராகக் காவல் நிலையம், வன்கொடுமை தடுப்புச் சட்டத்தில் முதல் தகவல் அறிக்கை, விசாரிப்பவர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவர். 'முதல்ல கமிட்டில பேசி முடிச்சிக்கிடுவோம்' என்று மேலாளர் கூப்பிடுவார். போனால், மூன்று வாரம் கழித்து 'அவளே சமாதானமாகக் கையெழுத்துப் போட்டாள்' என்ற தாள் வழக்கில் எதிராளியின் ஆவணமாக வந்து நிற்கும். வேலை மாற்றம் குழுவுக்கு, வசவு காவல் நிலையத்துக்கு. இரண்டு மனு, இரண்டு இடம், இரண்டிலும் ஒரே தேதி.

நிலையாணைகளுக்கான வரம்பு நூறு பேரிலிருந்து முந்நூறாக உயர்ந்துவிட்டது. எழுதி ஒட்ட வேண்டிய கடமை பல நடுத்தர ஆலைகளுக்கு இனி இல்லை. குறைதீர் குழுவின் வரம்பு இருபதிலேயே நிற்கிறது. புளியங்குடி எலுமிச்சைக் கமிஷன் கடைகளில் மூட்டை தூக்குபவர்களும் காய் தரம் பிரிக்கும் பெண்களும் ஒரு கடைக்கு இருபது பேர் தேற மாட்டார்கள். அவர்களுக்கு எந்தச் சுவரிலும் தாள் கிடையாது. குறை என்றால் கடைக்காரரிடம்தான் சொல்ல வேண்டும், 1946-க்கு முன்னால் மேஸ்திரியிடம் சொன்னது போல.